ரெட்ரோ ஸ்லைடு: மூன்று கட்டமா, நாள்வரிசையா?

இரண்டு வார ஸ்பிரிண்ட் முடிந்து, அதில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டத்துக்கு ஸ்லைடு தயாரிப்பவர்கள் பெரும்பாலும் 'தொடங்குவோம், நிறுத்துவோம், தொடர்வோம்' என்று மூன்று கட்டம் போட்டுக் குறிப்புகளை ஒட்டுகிறார்கள். இன்னொரு வழியும் உண்டு: 10 வேலை நாட்களையும் ஒரு கோடாக வரைந்து, ஒவ்வொரு குறிப்பையும் அது நிகழ்ந்த நாளுக்குக் கீழே வைப்பது. மதுரை வடபழஞ்சியில் வேலை செய்யும் எங்கள் ஏழு பேர் அணி, ஒரே ஸ்பிரிண்டின் குறிப்புகளை இரண்டு விதமாகவும் அடுக்கிப் பார்த்தது.

மூன்று கட்டத்தில் பத்தே நிமிடத்தில் 24 குறிப்புகள் சேர்ந்துவிட்டன. ஆளுக்கு மூன்று ஓட்டு என்று போட்டபோது, 'ரிவ்யூ தாமதம்' ஐந்து, 'டெஸ்டிங்குக்கு நேரமில்லை' ஐந்து, 'கடைசி நாள் பில்டு உடைந்தது' நான்கு என்று ஓட்டுகள் சிதறின. மூன்றும் தனித்தனிக் குறைகளாகத் தெரிந்ததால், 'ரிவ்யூவை வேகமாக முடிப்போம், டெஸ்டிங்கை முன்னதாகத் தொடங்குவோம்' என்ற வேண்டுதல்கள்தாம் கடைசி ஸ்லைடில் ஏறின. "சரி, எல்லாரும் பாத்துக்கங்க" என்று லீட் சொன்னதோடு அவை முடிந்தன. எல்லாரும் பார்த்துக்கொள்ள வேண்டியதை யாரும் பார்ப்பதில்லை.

அதே குறிப்புகளை நாள்வரிசையில் வைத்தபோது கதை மாறியது. நான்காம் நாளில் வந்த புல் ரிக்வெஸ்ட்டுகள் ஏழாம் நாள் வரை ரிவ்யூவுக்குக் காத்துக் கிடந்தன. அதனால் அந்த வேலைகளின் கார்டுகள் ஒன்பதாம் நாளில்தான் டெஸ்டிங்குக்குப் போயின. அவசரமாக ஒன்றுசேர்த்ததில் பத்தாம் நாள் பில்டு உடைந்தது. பதினான்கு ஓட்டும் ஒரே காரணத்துக்கு விழுந்தவை என்பது அப்போதுதான் புலப்பட்டது. எனவே தீர்மானமும் ஒன்றாகவே அமைந்தது: காலை ஸ்டாண்டப் முடிந்தவுடன், புதிய வேலையைத் தொடும் முன், காத்திருக்கும் ரிவ்யூவை முடிக்க வேண்டும். அதைக் கவனிக்கப் பொறுப்பாளர் ஒருவர்; பலித்ததா என்பதற்கு அடையாளம், ஏழாம் நாளுக்குள் டெஸ்டிங்குக்கு வந்த கார்டுகளின் எண்ணிக்கை. இந்த மூன்றும் எழுதப்படாத தீர்மானம் ஸ்லைடில் இடம்பெறக் கூடாது என்பது என் கருத்து. அவ்வாறு எழுதியதை அடுத்த ஸ்பிரிண்டின் பேக்லாகிலும் ஒரு கார்டாகச் சேர்த்தோம்.

நாள்வரிசைக்கு நேரம் அதிகம் பிடிக்கும். எங்களுக்குக் கோட்டை நிரப்பவே அரை மணி ஆயிற்று. சச்சரவு எதுவுமில்லாத ஸ்பிரிண்டுக்கு மூன்று கட்டமே போதும். நாள்வரிசையில் இன்னொரு ஆபத்தும் உண்டு: எந்த நாளில் யாரிடம் வேலை நின்றது என்பது அப்பட்டமாகத் தெரிவதால், புதிதாகச் சேர்ந்த தம்பி "அண்ணே, இத ஒட்டுனா தப்பா நினைக்க மாட்டீங்கள்ல?" என்று தயங்கினான். அன்றிலிருந்து ஸ்லைடில் பெயர் போடாமல் கார்டு எண்ணை மட்டும் எழுதுகிறோம்.

அடுத்த ரெட்ரோவின் முதல் ஸ்லைடில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ஒன்பது கார்டுகளில் ஆறு ஏழாம் நாளுக்குள் டெஸ்டிங்குக்கு வந்திருந்தன, முந்தைய ஸ்பிரிண்டில் அது இரண்டு.