பாதி தெளிவான செய்திக்குப் பதில்: கேட்டுவிட்டுக் காத்திருப்பதா, ஊகித்து முடிப்பதா, ஊகத்தைச் சொல்லி அனுப்புவதா?

"மார்ச் மாத ஆர்டர்களின் எண்ணிக்கை வேண்டும், ரத்தானவை வேண்டாம். நாளைக் காலைக் கூட்டத்துக்குத் தேவை." அனுப்பியவர் கிளம்பிவிட்ட மாலை நேரத்தில், தரவுகளைக் கவனிக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை முழுக்கக் குழப்பமான செய்தி என்று சொல்ல முடியாது. எதற்காக, எப்போது, எந்த மாதம் என்பதெல்லாம் இருக்கின்றன. ஆனால் ஆர்டர் பதிவான தேதியை வைத்து மார்ச் மாதத்தைக் கணக்கிடுவதா, பில் போட்ட தேதியை வைத்தா என்பது அதில் இல்லை. வாடிக்கையாளர் பொருளைப் பெற்ற பிறகு திருப்பி அனுப்பியது 'ரத்தானவை' என்ற சொல்லுக்குள் அடங்குமா என்பதும் இல்லை. இந்த நிலையில் பதில் எழுதுபவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றை ஒரே கணக்கின் மேல் ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை: மார்ச் மாதத்தில் பதிவான ஆர்டர்கள் 412; அனுப்பும் முன்பே ரத்தானவை 19; பெற்ற பின் திருப்பி அனுப்பப்பட்டவை 23.

முதல் வழி, கேட்டுவிட்டுக் காத்திருப்பது. நேர்மையான வழி, பொறுப்பானதாகவும் தோன்றும். ஆனால் இதற்கு ஆகும் செலவு ஒரு கேள்வி அல்ல, ஒரு போய்வரும் பயணம். அனுப்பியவர் மறுநாள் காலையில்தான் பார்ப்பார் என்றால், அவர் கண் விழித்ததும் கிடைப்பது எண் அல்ல, கேள்வி. அவர் பதில் சொல்லி, அதன்மேல் கணக்கு ஓடி, எண் வந்து சேரும்போது கூட்டம் தொடங்கியிருக்கும். இருவரும் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நாள் போய்விடலாம். இன்னொரு சிக்கலும் உண்டு: விளைவைப் பார்க்காத நிலையில் கேட்கப்படும் கேள்விக்குப் பலருக்குப் பதில் தெரியாது. "பதிவான தேதியா, பில் தேதியா?" என்று வெறுமனே கேட்டால், "எது சரியோ அது" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

இரண்டாவது வழி, மௌனமாக ஊகித்து வேலையை முடித்துவிடுவது. பதிவான தேதியை எடுத்துக்கொண்டு, 19 ஐக் கழித்து, "393" என்று ஒரே வரியில் அனுப்பிவிடலாம். கேட்டவருக்கு இதைவிட வசதியான பதில் இல்லை. ஊகம் சரியாக இருந்தால் இதைவிட விரைவானதும் இல்லை. தவறாக இருந்தால்தான் பிரச்சினை, அதுவும் தவறு நிகழ்வதால் மட்டும் அல்ல, அது எப்போது வெளிப்படுகிறது என்பதால். 393 என்ற எண்ணைப் பார்த்து அதில் திருப்பி அனுப்பப்பட்ட 23 ஆர்டர்கள் இருக்கின்றன என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கூட்டத்தில் கணக்குப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் தம் கையில் உள்ள 370 ஐக் காட்டும்போதுதான் தெரியவரும். அந்த நேரத்தில் இரண்டு எண்களில் எது சரி என்ற வாக்குவாதம் நடக்கும்; உண்மையில் இரண்டுமே சரி, அவை வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

மூன்றாவது வழி, எல்லாச் சாத்தியங்களுக்கும் பதில் தருவது. இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தேதிக்கு இரண்டு பொருள், ரத்துக்கு இரண்டு பொருள் என்றால் நான்கு எண்கள். மாதிரி ஆர்டர்களைச் சேர்ப்பதா என்ற மூன்றாவது ஐயமும் சேர்ந்தால் எட்டு. எட்டு எண்களைப் பெற்றவர் பதில் பெறவில்லை, வேலையைத் திரும்பப் பெற்றிருக்கிறார். ஒரே ஓர் ஐயம், இரண்டே பொருள், இரண்டையும் கணக்கிடுவது எளிது என்ற நிலையில் மட்டும் இது நல்ல வழி.

நான்காவது வழி, மிகவும் பொருத்தமான பொருளைத் தேர்ந்தெடுத்து வேலையை முடித்து, எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதையும் பதிலிலேயே சொல்லிவிடுவது. என் சாய்வு இந்தப் பக்கம்தான் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இதைச் செய்பவர்கள் பலர் அரைகுறையாகச் செய்வதால், எழுதும் முறையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். "393. நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லவும்" என்று எழுதுவது ஊகத்தைச் சொல்வது ஆகாது. எதைப் புரிந்துகொண்டேன் என்றே சொல்லாதபோது, அது தவறா என்று எதிரில் இருப்பவர் எப்படிச் சொல்வார்? பயன்படும் பதில் இப்படி இருக்கும்:

"மார்ச் மாத ஆர்டர்கள்: 393. (அ) ஆர்டர் பதிவான தேதியை வைத்து எண்ணியிருக்கிறேன். பில் தேதியை வைத்தால் 397. (ஆ) அனுப்பும் முன் ரத்தான 19 ஐ மட்டும் கழித்திருக்கிறேன். திருப்பி அனுப்பப்பட்ட 23 ஐயும் கழித்தால் 370. மாற்ற வேண்டியிருந்தால் அ அல்லது ஆ என்று மட்டும் எழுதுங்கள். இரண்டையும் மாற்ற வேண்டுமானால் மீண்டும் கணக்கிட்டு அனுப்புகிறேன்."

எண் முதலில் வருகிறது; ஊகம் சரியாக இருந்தால் வாசிப்பவர் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு ஊகத்துக்கும் பக்கத்திலேயே மாற்று விளைவும் இருப்பதால், பிப்ரவரிக் கடைசியில் பதிவாகி மார்ச் மாதத்தில் பில் போடப்பட்டவை 31, மார்ச் மாதத்தில் பதிவாகி ஏப்ரலுக்குத் தள்ளிப்போனவை 27 என்ற விவரமெல்லாம் தெரியாமலேயே, தேதியை மாற்றினால் 4 தான் கூடுகிறது, திருப்பி அனுப்பியதை மாற்றினால் 23 குறைகிறது என்று அவர் பார்த்துவிடுகிறார். எது முக்கியம் என்பது அவருக்குத் தானாகப் புரிகிறது. திருத்தத்தை ஒரே எழுத்தில் அனுப்பிவிட முடிகிறது. கைபேசியில், படிக்கட்டில் ஏறிக்கொண்டே கூட.

எல்லா ஊகங்களையும் சொல்ல வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. பத்து ஊகங்களை அடுக்கினால் பதினொன்றாவது வரிக்கு யாரும் போக மாட்டார்கள். முக்கியமான ஒன்று ஐந்தாவது வரியில் புதைந்துபோகும். நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இது: ஊகம் தவறாக இருந்தால் விளைவு மாறுமா, அப்படி மாறியதை விளைவைப் பார்த்தே அவர் கண்டுபிடிக்க முடியுமா? அட்டவணையை எக்செல் கோப்பாக அனுப்பினேன் என்பது திறந்ததும் தெரிந்துவிடும். அதைச் சொல்லத் தேவையில்லை. திருப்பி அனுப்பப்பட்டவை எண்ணுக்குள் ஒளிந்திருப்பது தெரியாது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். இப்படி வடிகட்டினால் பெரும்பாலும் இரண்டு மூன்று ஊகங்கள்தான் மிஞ்சும்.

இந்த வழிக்கு ஒரு கடினமான எல்லை இருக்கிறது: நமக்குத் தெரிந்த ஊகத்தைத்தான் நாம் சொல்ல முடியும். செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்து "நான் எதை ஊகித்தேன்?" என்று யோசித்தால், ஏற்கெனவே மனத்தில் பட்டவை மட்டுமே வரும். செய்து முடித்த வேலையில் தேடுவதே மேல். இந்தக் கணக்குக்காகத் தரவுத்தளத்தில் ஓட்டும் SQL வினவல் இது:

```sql
SELECT count(*)
FROM orders
WHERE ordered_at >= '2025-03-01'
  AND ordered_at <  '2025-04-01'
  AND status <> 'cancelled';
```

இதிலுள்ள ஒவ்வொரு நிபந்தனையும் ஓர் ஊகம். `ordered_at` என்பது தேதி பற்றிய ஊகம். `status <> 'cancelled'` என்பது ரத்து பற்றிய ஊகம். மூன்றாவதாக ஒன்று ஒளிந்திருக்கிறது. `status` காலியாக, அதாவது `NULL` ஆக இருக்கும் வரிசைகளை இந்த நிபந்தனை சத்தமில்லாமல் விட்டுவிடும். SQL இல் `NULL` ஐ எதனோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, 'தெரியாது' என்பதுதான், `WHERE` உண்மையானவற்றை மட்டுமே உள்ளே விடும். நிலை குறிக்கப்படாத ஆர்டர்கள் 4 இருந்தால் வினவல் 393 ஐத் தராது, 389 ஐத் தரும். 412 இலிருந்து 19 ஐக் கையால் கழித்துப் பார்ப்பவருக்கு அந்த 4 உடனே கண்ணில் படும். அவற்றைச் சேர்த்து எண்ணிவிட்டு, "(இ) நிலை குறிக்கப்படாத 4 ஆர்டர்களையும் சேர்த்திருக்கிறேன்" என்று ஒரு வரி கூட்ட வேண்டும். கேட்டவரின் சொற்களில் இந்த ஐயம் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது தரவில்தான் இருந்தது.

மற்றோர் எல்லை, சொன்ன ஊகம் படிக்கப்படாமல் போவது. விமானப் போக்குவரத்தில் கட்டுப்பாட்டாளர் தரும் அனுமதியில் பாதுகாப்பு சார்ந்த பகுதிகளை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது சர்வதேச விதி. கட்டுப்பாட்டாளர் அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதும் அதே விதியின் பாதி. விமானி தவறாகத் திருப்பிச் சொல்லியும் கட்டுப்பாட்டாளர் கவனிக்காமல் விடுவது அந்தத் துறையில் தனியாகப் பெயரிடப்பட்ட ஒரு பிழை வகை. நம் பதில்களுக்கு அப்படி ஒரு விதி இல்லாததால், எதிரில் இருப்பவரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணிக்கை போன்ற, பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய வேலைக்கு அந்த மௌனம் பெரிய ஆபத்து அல்ல. "ரத்தான ஆர்டர்களை அழித்துவிடுங்கள்" என்று செய்தி வந்திருந்தால் நிலைமை வேறு. அங்கே ஊகத்தை எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், அழித்தபின் சொல்வதில் பயன் இல்லை. மீட்க முடியாத செயலுக்கும், பல நாள் உழைப்பை விழுங்கும் வேலைக்கும், இரண்டு பொருள்களில் ஒன்றின் பக்கமும் மனம் சாயாத நிலைக்கும் முதல் வழியே சரி. அப்போதும் வெறுங்கேள்வியாகக் கேட்காமல், "அழிக்க வேண்டியவை இந்த 19 தானே? திருப்பி அனுப்பிய 23 ஐத் தொடப் போவதில்லை. உங்கள் பதில் வந்த பிறகே அழிப்பேன்" என்று கேட்டால், 'ஆம்' என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடும். நான்காவது வழியின் பலனை முதல் வழிக்குள் கொண்டுவருவது இது.

கடைசியாக, ஊகத்தை எங்கே எழுதுவது என்பது. மின்னஞ்சலில் மூன்று வரிகளைக் கவனமாக எழுதிவிட்டு அட்டவணையை இணைப்பாக அனுப்பினால், பெற்றவர் இணைப்பை மட்டும் எடுத்து வேறு நால்வருக்கு அனுப்புவார். ஊகங்கள் மின்னஞ்சலிலேயே தங்கிவிடும், எண் மட்டும் தனியாகப் பயணப்படும். ஆகவே அட்டவணையின் தலைப்பிலேயே "மார்ச் 2025, பதிவான தேதிப்படி, அனுப்பும் முன் ரத்தானவை நீங்கலாக, திருப்பி அனுப்பியவை உட்பட" என்று எழுதி வைக்கிறேன். தலைப்பு நீளமாகி அழகு கெடுகிறது என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அதைக் குறைத்துக் கேட்பவர்களுக்கும் 'திருப்பி அனுப்பியவை உட்பட' என்ற கடைசிப் பகுதியை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, ஏனென்றால் கூட்டத்தில் 370 ஐக் கையில் வைத்திருப்பவர் பார்க்கப்போவது அதைத்தான்.