அப்பா அம்மாவோட டிக்கெட்ட தமிழ்ல குடுக்க: போன் கேமராவா, வாய்ஸ் மெசேஜா, நம்மளே எழுதுற தாளா?

பினாங்குலேர்ந்து அப்பாவும் அம்மாவும் தனியா மெல்பர்ன் போய் தங்கச்சியப் பாக்கணும், ரெண்டு பேருக்கும் தமிழ்ப்பள்ளி படிப்பு, தமிழ் நல்லா வாசிப்பாங்க, இங்கிலீஷ் டிக்கெட்டப் பாத்தா மட்டும் முகம் மாறிடும். அதனால மூணு வழியையும் வச்சுப் பாத்தேன். கடைசியில நானே உக்காந்து எழுதுன தாள்தான் சரின்னு முடிவு பண்ணேன், இப்பவும் யார் கேட்டாலும் அதத்தான் சொல்றேன். காசு குடுத்து முத்திரை போட்ட மொழிபெயர்ப்பு வாங்கறதெல்லாம் விசா பேப்பருக்கு வேணும்னா சரி, டிக்கெட்டுக்கு அது தேவையே இல்ல.

போன் கேமராவ டிக்கெட் மேல காட்டுனா எழுத்து தமிழா மாறுது, வேகம்தான், செலவும் இல்ல. ஆனா அது இருக்கறத மாத்துதே தவிர வேண்டாதத எடுக்காது. 13 நம்பர் உள்ள டிக்கெட் எண், வரி விவரம், பை எடை, ரத்து விதின்னு எல்லாமே தமிழ்ல வந்து நிக்கும், அப்பாவுக்கு வேணும்கறது அதுல நாலு வரிதான்.

பெரிய சிக்கல் தேதியில இருக்கு. எங்க டிக்கெட்ல இருந்தது இதுதான்:

```
PEN-KUL  17 APR  20:00  21:05
KUL-MEL  18 APR  00:10  10:10
```

அப்பா இதப் பாத்துட்டு "அப்போ ஒரு ராத்திரி கே.எல்.ல தங்கணுமா, மாமா வீட்டுக்கு போன் போடவா"ன்னு கேட்டாரு. அவர் கேட்டதுல தப்பே இல்ல, ரெண்டு வரியில ரெண்டு தேதி இருந்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். உண்மையில நடுவுல மூணு மணி நேரம்தான். நம்ம பேச்சுல வெள்ளி ராத்திரின்னா படுத்து எந்திரிக்கற வரைக்கும் வெள்ளிதான், டிக்கெட்டுக்கு 12 மணி அடிச்சதும் சனி. கேமரா இத "18 ஏப்ரல் 00:10"னு அப்படியே தமிழ்ல குடுக்கும், எழுத்து மாறும், குழப்பம் அப்படியே இருக்கும்.

போர்டிங் பாஸ்ல இது இன்னும் மோசம். பிளேன் தேதி 18னு இருக்கும், பக்கத்துலயே போர்டிங் 23:10னு இருக்கும். அந்த 23:10 பதினேழாம் தேதி ராத்திரி. சேத்து வாசிச்சா சனி ராத்திரி 11.10க்குப் போனா போதும்னு ஆயிடும், அதுக்குள்ள பிளேன் மெல்பர்ன்ல எறங்கி அரை நாளுக்கு மேல ஆகியிருக்கும். அதனால தாள்ல நான் கிழமையையும் பொழுதையும் முதல்ல போட்டேன்:

"வெள்ளி சாயங்காலம் 5 மணி: வீட்ட விட்டு கெளம்பணும்.
வெள்ளி ராத்திரி 8 மணி: பாயான் லெப்பாஸ்லேர்ந்து முதல் பிளேன்.
வெள்ளி ராத்திரி 9.05: கே.எல்.ல எறங்கணும். வெளிய போக வேணாம், பெட்டி தானா மெல்பர்ன் போயிடும். பாஸ்போர்ட் செக்கிங் முடிச்சு உள்ளயே இருக்கணும்.
அதே வெள்ளி ராத்திரி 11.10: கேட்ல உக்காந்திருக்கணும். 12 தாண்டி 10 நிமிஷத்துல பிளேன் ஏறிடும். (டிக்கெட்ல 18 APR 00:10)
சனி காலைல 10.10: மெல்பர்ன். நம்ம ஊர்ல அப்ப 8.10."

பெட்டி தானா போறது ரெண்டு பிளேனும் ஒரே புக்கிங்ல இருந்தாதான். தனித்தனியா வாங்கியிருந்தா கே.எல்.ல பெட்டிய எடுத்து மறுபடி குடுக்கணும், அப்ப அந்த வரிய மாத்தி எழுதணும்.

KUL, MEL, பிளேன் நம்பர், பாஸ்போர்ட்ல உள்ள பேரு இதெல்லாம் தமிழாக்கவே கூடாது, போர்டுல இருக்கற எழுத்தும் கையில இருக்கற எழுத்தும் ஒன்னா இருந்தாதான் பாத்து ஒப்பிட முடியும். வீல்சேர் கேட்டிருந்தா அந்த WCHR-ஐயும் அப்படியே எழுதுங்க, அங்க வேலை செய்யறவங்க பாத்தவுடனே புரிஞ்சுக்குவாங்க. படிக்கட்டு ஏறவே முடியாதவங்களுக்கு அது WCHS, அந்த வித்தியாசத்த புக் பண்றப்பவே பாத்துக்கணும்.

வாய்ஸ் மெசேஜ் அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சது, நம்ம கொரல் கேட்டா ஒரு தைரியம். ஆனா ஏர்போர்ட் சத்தத்துல, நெட் இல்லாத எடத்துல, நடுவுல இருக்கற ஒரு நேரத்த மட்டும் தேடணும்னா கஷ்டம். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு அதுவே நல்லதா இருக்கலாம், எங்க வீட்ல அந்த நெலம இல்லாததால உறுதியா சொல்ல மாட்டேன்.

தாளுக்கு ஒரு குறை உண்டு, நேரம் மாறுனா தானா மாறாது. 00:10 பிளேன 15 நிமிஷம் முன்னாடி 23:55க்கு இழுத்தா டிக்கெட்ல தேதியே 17 ஆயிடும், வயசானவங்க ஒரு நாள் முன்னாடி போயிட்டுதுன்னு பதறுவாங்க, நம்ம தாள்ல ஆனா "அதே வெள்ளி ராத்திரி" அப்படியே நிக்கும், கேட் நேரம், பிளேன் நேரம், பக்கத்துல எழுதுன டிக்கெட் தேதி, எறங்கற நேரம் இத மட்டும் மாத்துனா போதும். மேல ஓரத்துல எழுதுன தேதியப் போட்டு, ஆளுக்கு ஒரு தாள் குடுங்க. புதுசு வந்ததும் பழச கிழிக்கச் சொல்லுங்க, ரெண்டும் பேக்ல கெடந்தா எத வச்சு கேட்டுக்குப் போவாங்கன்னு சொல்ல முடியாது.