விளம்பரப் பதிவுக்கு எந்தப் பாட்டு, எந்தப் படம், எந்த மேற்கோள்?

மண்பாண்டம் செய்யக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றுக்கு முப்பது வினாடி வீடியோ தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னணியில் ஒரு பாட்டு, நடுவில் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம், கேப்ஷனில் கைத்தொழில் பற்றி ஓர் எழுத்தாளரின் வரி, முடிவில் “சேர விரும்புவோர் பதிவு செய்யுங்கள்” என்ற அழைப்பு. சிக்கல் இந்த அழைப்பில்தான் தொடங்குகிறது. நண்பர்களுக்காகப் போடும் வீடியோவில் தாராளமாக வைத்துக்கொள்ளக்கூடிய பாட்டுக்கு, இந்த அழைப்பு சேர்ந்ததும் தனி அனுமதி தேவைப்படும்.

முதலில் பாட்டு. எல்லோரும் போடும் டிரெண்டிங் பாட்டை ஆப்பிலேயே தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது சுலபம். ஆனால் இசை நிறுவனங்களோடு தளங்கள் போட்டிருக்கும் ஒப்பந்தம் பெரும்பாலும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்தான். இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டாவின் இசை விதிகள், தகுந்த உரிமம் இல்லாமல் வணிக நோக்கத்துக்குப் பாட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று நேரடியாகவே சொல்கின்றன. பிசினஸ் கணக்கில் பாட்டுப் பட்டியல் சுருங்கித் தெரிவதற்குக் காரணம் இதுதான். கணக்கின் வகையை மாற்றிக்கொண்டால் பட்டியல் திரும்ப வரும், அனுமதி வராது. ஆப்பில் பாட்டு தெரிகிறது என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிகழ்வு. அமெரிக்காவில் பேங் என்ற எனர்ஜி பானத்தை விற்ற நிறுவனம், தன் டிக்டாக் விளம்பர வீடியோக்களில் பிரபலமான பாட்டுகளைப் போட்டது. யுனிவர்சல், சோனி என்ற இரண்டு இசை நிறுவனங்களும் தனித்தனியாக வழக்குத் தொடுத்தன. 2022இல் இரண்டு வழக்குகளிலும், நிறுவனம் தானே வெளியிட்ட வீடியோக்களுக்கு அதுதான் பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழு வினாடிக்குள் போட்டால் தப்பில்லை, வேகத்தைக் கொஞ்சம் மாற்றினால் தப்பில்லை, “உரிமை உரியவருக்கே” என்று எழுதிவிட்டால் தப்பில்லை என்றெல்லாம் ஊரில் பேசிக்கொள்வதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது.

அடுத்த வழி, வணிகப் பயன்பாட்டுக்கென்றே தளம் தரும் இசைத் தொகுப்பு. மெட்டாவிடம் Sound Collection, டிக்டாக்கில் Commercial Music Library, யூடியூபில் Audio Library இருக்கின்றன. காசு கிடையாது, தேடுவதும் எளிது. குறை என்னவென்றால், அனுமதி அந்தத் தளத்தோடு கட்டப்பட்டிருக்கலாம். டிக்டாக் தொகுப்பிலிருந்து எடுத்த இசையோடு வீடியோவை இறக்கி இன்ஸ்டாகிராமில் ஏற்றினால், முதல் இடத்தில் கிடைத்த அனுமதி இரண்டாவது இடத்துக்குத் தானாக வந்துவிடாது. நம் மண்பாண்ட வீடியோ ஒரே தளத்தில்தான் வரப்போகிறது என்றால் என் தேர்வு இதுதான்.

பல தளங்களில் போடுவதானால் இரண்டு வழிகள் மிஞ்சுகின்றன. ஒன்று கிரியேட்டிவ் காமன்ஸ் இசை, அதாவது படைப்பாளியே சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிட்ட இசை. இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். உரிமத்தின் பெயரில் NC என்று இருந்தால் வணிகத்துக்கு ஆகாது, அது பலருக்கும் தெரியும். ND என்று இருந்தாலும் நம் வீடியோவுக்கு ஆகாது என்பது அவ்வளவாகத் தெரியாது. நகரும் காட்சியோடு இசையைப் பொருத்துவதே ஒரு மாற்றம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் கருதுகின்றன. ND உள்ள படைப்பை மாற்றி வெளியிட அனுமதியில்லை, ஆகவே ஒரு வினாடிகூட வெட்டாமல் முழுப் பாட்டையும் வைத்தாலும் மீறல்தான். SA என்று இருந்தால் நம் விளம்பர வீடியோவையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றாகிவிடும். நமக்குப் பொருந்துவது நிபந்தனையே இல்லாத CC0, இல்லாவிட்டால் படைத்தவர் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் CC BY. CC BY என்றால் கேப்ஷனில் இப்படி ஒரு வரி போதும்:

```
இசை: [தலைப்பு] – [கலைஞர்], CC BY 4.0 [உரிம இணைப்பு], [மூல இணைப்பு], வெட்டிச் சுருக்கப்பட்டது
```

இந்த வரியைப் போடாவிட்டால் அனுமதியே போய்விடும். 4.0 பதிப்பில், தவறு தெரியவந்த 30 நாட்களுக்குள் திருத்தினால் உரிமை தானாகத் திரும்பக் கிடைக்கும். பழைய பதிப்புகளில் அந்தச் சலுகை இல்லை. அதனால் பதிப்பு எண்ணையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மற்றொன்று பணம் கட்டி உரிமம் வாங்குவது. ‘ராயல்டி ஃப்ரீ’ என்றால் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை கட்டினால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் திரும்பக் கட்ட வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். மாதச் சந்தா என்றால் வாங்கும் முன்பே மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: கட்டண விளம்பரம் உள்ளடங்குமா, அடுத்தவருடைய கணக்குக்காக நாம் செய்து கொடுக்கும் வீடியோவும் சேருமா, சந்தாவை நிறுத்திய பிறகு பழைய வீடியோக்களின் கதி என்ன. முறையாக வாங்கிய இசைக்கும், வீடியோவில் உள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் Content ID உரிமைக்கோரல் அனுப்பலாம். அப்போது உரிமச் சான்றிதழைக் காட்டி மறுக்கலாம் என்பதுதான் இந்த வழியின் பெரிய பலம்.

பழைய செவ்வியல் இசையை நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இசையமைத்தவர் காலமாகி இருநூறு வருடம் ஆகியிருக்கலாம். அதை வாசித்து ஒலிப்பதிவு செய்தவர்களின் உரிமை தனி. மெட்டு பொதுவுடைமை, பதிவு அவர்களுடையது.

சரி, படத்துக்கு வருவோம். அன்ஸ்பிளாஷ், பெக்செல்ஸ் போன்ற இலவசத் தளங்கள் வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கின்றன. ஆனால் எடுத்தவரின் உரிமையும் படத்தில் இருப்பவரின் உரிமையும் வேறு வேறு. 2007இல் விர்ஜின் மொபைல் ஆஸ்திரேலியா, ஃபிளிக்கரில் CC BY உரிமத்தோடு கிடந்த ஒரு சிறுமியின் படத்தை விளம்பரத்தில் போட்டது. புகைப்படக்காரர் பொது அனுமதி கொடுத்திருந்தார், அந்தச் சிறுமி கொடுக்கவில்லை. குடும்பம் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. ஆஸ்திரேலிய நிறுவனத்தின் மேல் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. படத்தை அப்படிப் போட்டது சரி என்று எந்தத் தீர்ப்பும் வரவில்லை.

ஆகவே முகம் தெரியாத கைகள், களிமண், சக்கரம் என்றால் இலவசப் படம் போதும். எடுக்கும் முன் படத்தைக் கொடுத்து இணையத்தில் தேடிப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் வேறொருவரின் படத்தைத் தன்னுடையதாக ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. முகம் தெரிந்தால், மாடலின் எழுத்துபூர்வ ஒப்புதல் இருப்பதாகச் சொல்லும் கட்டண ஸ்டாக் படம் நல்லது. அங்கேயும் Editorial use only, அதாவது செய்தி, கட்டுரை போன்றவற்றுக்கு மட்டும் என்ற குறிப்பு இருந்தால் விளம்பரத்துக்கு ஆகாது, பணம் கட்டியிருந்தாலும்கூட. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, வகுப்பில் ஏற்கெனவே படிக்கும் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நாமே எடுக்கும் படம்.

மேற்கோளில் சிக்கல் குறைவு, ஆனால் பொறி இருக்கிறது. ஒரு நாவலிலிருந்து ஒரு வரி என்றால் பெரிய பாதிப்பு வராது. நான்கு வரிக் கவிதையில் நான்கையும் எடுத்தால் முழுப் படைப்பையும் எடுத்ததாகிவிடும், பாட்டு வரிகளுக்கும் இதே ஆபத்து உண்டு. எழுதியவரின் உரிமைக்காலம் முடிந்திருந்தாலும் மொழிபெயர்த்தவரின் உரிமை உயிரோடு இருக்கலாம். வாழ்கிறவரின் வரியை அவர் படத்தோடு போட்டால், அவரே நம் வகுப்பைப் பரிந்துரைப்பது போல் ஆகிவிடும். அது பதிப்புரிமையைத் தாண்டிய வேறு வழக்கு. நம் வீடியோவுக்கு எழுத்தாளரின் வரியை விட்டுவிட்டு, மாணவர் ஒருவர் சொன்ன வாக்கியத்தை அவரிடம் கேட்டுப் போடுவேன். அவர் சம்மதித்த செய்தியையும், உரிமச் சான்றிதழையும், படத்தை இறக்கிய அன்று உரிமப் பக்கத்தை எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த வீடியோவின் ஃபோல்டரிலேயே வைத்துவிடுவேன். இலவசத் தளங்கள் உரிமத்தை மாற்றுவது உண்டு. அன்ஸ்பிளாஷே 2017இல் CC0விலிருந்து தன் சொந்த உரிமத்துக்கு மாறியது. பிறகு யாராவது கேட்டால், இறக்கிய அன்று என்ன விதி இருந்தது என்பதை அந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக் காட்டலாம்.