சரக்குக் கணக்கெடுப்பில் இரண்டு பிழைகள்: விட்டுப்போனதும் பில் ஏறாததும்

ஒரு துணிக்கடை. விற்பனை 45 லட்சம், ஆரம்ப இருப்பு 8 லட்சம், கொள்முதல் 40 லட்சம், மார்ச் 31 இறுதி இருப்பு 10 லட்சம். 8 + 40 − 10 = 38 லட்சம்; இதுதான் விற்ற சரக்கின் அடக்கம். மொத்த லாபம் 7 லட்சம்.

குடோன் மூலையில் 1 லட்ச ரூபாய் பேல்கள் எண்ணாமல் விட்டுப்போனால் இருப்பு 9 லட்சம், அடக்கம் 39, லாபம் 6 லட்சம். வரி குறைகிறது. ஆனால் அதே 9 லட்சம்தான் அடுத்த ஆண்டின் ஆரம்ப இருப்பு. அப்போது லாபம் 1 லட்சம் கூடிவிடும். வரி தள்ளிப்போகிறதே தவிர மறைவதில்லை. அதிகாரி கண்டுபிடித்தால் வட்டியும் சேரும்.

மற்றது நேர்மாறு. மார்ச் 30 வந்த 1 லட்ச சரக்கை எண்ணிவிட்டு, பில்லை ஏப்ரலில் ஏற்றுகிறார்கள். இருப்பு சரிதான், கொள்முதல் 39, அடக்கம் 37, லாபம் 8 லட்சம். இதுதான் அதிகம் ஏமாற்றுவது, ஏனென்றால் மறுபடி எண்ணினாலும் தெரியாது. வரியை ஓராண்டு முன்பே கட்டிவிடுவோம்.

லாப விகிதம் காட்டிக்கொடுக்கும்: சரியானது 15.6%, முதல் பிழையில் 13.3%, இரண்டாவதில் 17.8%. விகிதம் ஏறியிருந்தால் மார்ச் கடைசி வார சரக்கு வரவுப் பதிவேட்டை ஏப்ரல் பில்களோடு ஒத்துப்பாருங்கள்.