மழை வாரத்துக்கான கையிருப்பு: சீட்டிலா, தனிக் கணக்கிலா?

தாராவியில் ஒரு அக்காவின் கணக்கைப் பார்ப்போம். காலை இட்லி விற்பனையில் செலவு போக மாதம் 12,000, பிளவுஸ் தைத்து 6,000, டியூஷனில் 4,000. மொத்தம் 22,000 ரூபாய். ஜூலை மழையில் இட்லி 9,000, தையல் 2,000 என இறங்கும். டியூஷனையும் சேர்த்தால் 15,000தான். அதனால் வீட்டுச் செலவை 18,000 என்று வரையறுத்து, நல்ல மாதங்களில் மிஞ்சும் 4,000-ஐ ஒதுக்குகிறார். அதை எங்கே வைப்பது?

20 பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 2,000 கட்டும் ஏலச்சீட்டு ஒரு வழி. விடாமல் கட்ட வைக்கும் என்பது அதன் பெரிய பலம். ஆனால் ஜூலையில் 3,000 துண்டு விழும்போது தவணையும் சேர்ந்து 5,000 ஆகிவிடும். சரி, சீட்டையே எடுக்கலாம் என்றால், அவசரக்காரர்கள் பலர் போட்டியிடும் மாதம் அது. தள்ளுபடி 8,000 வரை ஏறினால் 40,000 சீட்டில் கைக்கு 32,000தான் வரும். தேவைப்பட்டதோ 3,000! சீட்டை எடுத்த பிறகும் தவணை நிற்காது.

அன்றாடம் தொடாத தனிச் சேமிப்புக் கணக்கில் வட்டி குறைவுதான். ஆனாலும் விற்பனை படுத்த வாரத்தில் 800 மட்டும் எடுத்துக்கொள்ளலாம்; அதற்காக எதையும் இழக்க வேண்டியதில்லை. வீட்டுச் செலவுக்கான யுபிஐ-யோடு மட்டும் அதை இணைக்கக் கூடாது, இணைத்தால் கரைந்துவிடும்.

என் தேர்வு தனிக் கணக்கு. அதில் ஒரு மாதச் செலவான 18,000 சேர்ந்த பிறகு, புது கிரைண்டர் வாங்கச் சீட்டுப் போடலாம், அதுவும் பதிவு பெற்ற இடத்தில்.