வீட்டுச் செலவுத் தாள்: SUMIFS சூத்திரமா, பிவட் டேபிளா?

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு வரும் பணம் பெரும்பாலும் பச்சைத் தேயிலைப் பணம். மழைக்குப் பின் இலை பெருகும், டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகும். வருமானம் இப்படி ஏறி இறங்கும் வீட்டில், "மாதம் 5,000 சேமிக்க வேண்டும்" என்று நிலையான எண்ணை எழுதி வைத்தால் அது ஓரிரு மாதங்களில் பொய்யாகிவிடும். செலவுக் கணக்கு எழுதும் விரிதாளே அந்த எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

மாதத்துக்கு ஒரு தாள் என்ற முறையை நான் முதலிலேயே தள்ளிவிடுவேன். நடுவில் ஒரு மாதம் "கம்பளி" என்று புது வரி சேர்த்தால் அந்தத் தாளில் மட்டும் வரிசை நகர்ந்துவிடுகிறது. பன்னிரண்டு தாள்களையும் கூட்டுவது அதன்பின் நம்பத்தக்கதல்ல. எல்லாச் செலவும் ஒரே நீண்ட பட்டியலில் இருக்கட்டும்: A-யில் தேதி, B-யில் வகை, C-யில் குறிப்பு, D-யில் தொகை. சேமிப்பில் போடும் பணமும் "சேமிப்பு" என்ற வகையாக இதிலேயே வரட்டும்.

இந்தப் பட்டியலை வகைவாரியாகக் கூட்டுவதில்தான் எனக்கும் குன்னூரில் இருக்கும் என் தங்கைக்கும் வேறுபாடு. அவள் எக்செலில், பட்டியலைத் தானே வகை பிரித்துக் கூட்டிக் காட்டும் பிவட் டேபிள் வைத்திருக்கிறாள். நான் கூகுள் ஷீட்ஸில், கொடுத்த நிபந்தனைகளுக்குப் பொருந்தும் தொகைகளை மட்டும் கூட்டும் SUMIFS எழுதியிருக்கிறேன். F2 முதல் F10 வரை வகைகள், G1 முதல் R1 வரை ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதி. G2-வில் இதை எழுதிப் பக்கத்திலும் கீழும் இழுத்துவிட்டால் போதும்:

```
=SUMIFS($D:$D,$B:$B,$F2,$A:$A,">="&G$1,$A:$A,"<"&EDATE(G$1,1))
```

பிவட் டேபிளை அமைப்பது இதைவிட எளிது, சூத்திரமே வேண்டாம். ஆனால் எக்செலின் பல பதிப்புகளில் அது தானாக மாறாது. Refresh All அழுத்தும்வரை நேற்றைய கூட்டுத்தொகையே நிற்கும். பார்த்தால் சரியான எண் போலவே இருக்கும் என்பதுதான் ஆபத்து. கூகுள் ஷீட்ஸில் பிவட் தானே மாறும். ஆனால் A1:D200 என்று எல்லை கொடுத்திருந்தால் 201-ஆவது வரி கணக்கில் சேராது.

SUMIFS உடனே மாறும், ஆனால் பிழையை மறைக்கும். கடந்த ஐப்பசியில் எங்கள் காய்கறிச் செலவு வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரிந்தது. நான் "காய்கறி" என்று எழுதுகிறேன், மகள் கைபேசியில் "காய்கறிகள்" என்று எழுதியிருந்தாள். அந்த 1,840 ரூபாய் எந்த வரியிலும் சேராமல் நின்றுவிட்டது. அதே பட்டியலைத் தங்கையின் பிவட்டில் போட்டபோது "காய்கறிகள்" தனி வரியாக எழுந்து நின்றது. பிவட்டின் உண்மையான பலம் இதுதான்: பட்டியலில் உள்ள எதையும் அது விழுங்குவதில்லை. அந்தப் பலத்தைச் சூத்திர முறைக்கும் ஒரு சரிபார்ப்புக் கட்டத்தால் கொண்டுவரலாம்:

```
=SUM(D:D)-SUM(G2:R10)
```

இது 0 காட்ட வேண்டும். வேறு எண் வந்தால் வகைப் பெயர் பிசகியிருக்கிறது, அல்லது தேதி எழுத்தாகப் பதிந்திருக்கிறது. அமெரிக்க அமைப்பில் இருக்கும் தாள் 13/11 என்பதைத் தேதியாக ஏற்காது, அது கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். 05/11-ஐயோ மே மாதமாக்கிவிடும். அந்த மே அட்டவணைக்குள் இருந்தால் சரிபார்ப்பும் 0 என்றே சொல்லும். ஆகவே தாளின் Locale-ஐ முதலிலேயே India என்று மாற்றுங்கள், B பத்திக்குக் கீழிறங்கு பட்டியல் போடுங்கள்.

சேமிப்பு இலக்கில்தான் SUMIFS தெளிவாக முந்துகிறது. பிவட்டுக்குள் இந்தக் கணக்கு அடங்காது, வெளியே தனிச் சூத்திரம் எழுதியே ஆக வேண்டும். மே 2026-க்குள் பள்ளிக் கட்டணத்துக்கு 60,000 என்று ஜூன் 2025-இல் தொடங்கினோம். T1-இல் தொகை, T2-இல் 31 மே 2026:

```
=(T1-SUMIFS(D:D,B:B,"சேமிப்பு",A:A,"<"&EOMONTH(TODAY(),-1)+1))/(DATEDIF(TODAY(),T2,"M")+1)
```

ஜூனில் இது 5,000 காட்டியது. நவம்பர் முடிவில் 33,000 சேர்ந்திருந்ததால் டிசம்பருக்கு 4,500 என்று இறங்கியது. பனியில் இலை கருகி டிசம்பரில் 1,000 மட்டுமே போட முடிந்தது. ஜனவரி முதல் நாள் 5,200 என்று ஏறியது: மீதி 26,000, மாதங்கள் 5.

EOMONTH பகுதியை விட்டுவிடாதீர்கள். அது போன மாத முடிவு வரையிலான சேமிப்பை மட்டும் எடுக்கிறது. சூத்திரத்தில் அந்தப் பகுதி இல்லாமல் இருந்தபோது ஜனவரி 10-ஆம் தேதி 5,200 போட்டேன். மீதி 20,800-ஆகக் குறைந்தது, ஆனால் ஜனவரியும் இன்னும் மாதக் கணக்கில் இருந்ததால் 5-ஆல் வகுத்து 4,160 என்று காட்டியது. பிப்ரவரிக்கு அவ்வளவு போதும் என்று எண்ணிவிட்டேன். உண்மையில் தேவைப்பட்டது 5,200.