கார்ட்டூன் ஃபில்டர்: ஷேடரா, நியூரல் மாடலா?

கேமராவில் தெரியும் முகத்தை உடனுக்குடன் கார்ட்டூனாக்க இரண்டு வழிகள் உண்டு. கூகுளின் மீடியாபைப் நூலகம் தரும் 478 முகப்புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடும் சிறு கிராஃபிக்ஸ் நிரலான ஷேடரில் நாமே வரையலாம். அல்லது, முகத்தை வாங்கிக்கொண்டு கார்ட்டூன் முகத்தையே திருப்பித் தரும் நியூரல் மாடலை ஓட்டலாம். வினாடிக்கு 30 ஃப்ரேம் வேண்டுமானால், எந்த வழியானாலும் ஒரு ஃப்ரேமின் வேலை 33 மில்லிவினாடிக்குள் முடிய வேண்டும்.

அழகில் நியூரல் மாடலே முந்துகிறது. தாடை, முடி, கண் எல்லாவற்றையும் அது புதிதாக வரைந்துவிடும். ஷேடர் தோலை வழவழப்பாக்கி, ஓரங்களில் கோடு போட்டு, நிறங்களைப் படிநிலைகளாக வெட்டும். கண்ணைப் பெரிதாக்கலாம், ஆனாலும் அது சாயம் பூசிய நம் முகம்தான்.

ஆனால் நியூரல் மாடல் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகக் கணக்கிட்டால், அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் முடிகூட மினுங்கும். கன்னத்தில் கை வைத்தால் விரல்கள் தோலோடு கரைந்துபோகும். போன் சூடேறினால் வேகமும் விழும். முதல் நிமிடத்தில் இது தெரியாது, பத்து நிமிடமாவது விடாமல் ஓட்டிப் பாருங்கள்.

நான் ஷேடர் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் தோல் நிறம். இரண்டு வழியிலும் கறுத்த முகம் கெடக்கூடும், திருத்துகிற பாடுதான் வேறு. ஷேடரில் வெளிச்ச அளவை 0, 0.25, 0.5 என்று நிலையான படிகளாக வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். மங்கலான அறையில் கறுத்த முகத்தின் வெளிச்சம் 0.1 முதல் 0.3 வரைதான் இருக்கும். நிழல் பகுதி முழுக் கறுப்பாகிவிடும், மீதி முகம் முழுவதும் 0.25 என்ற ஒரே படியில் அடங்கிவிடும். மூக்கும் கன்னமும் பிரிந்து தெரியாது. கன்னப் புள்ளிகளிலிருந்து முகத்தின் சராசரி வெளிச்சத்தை எடுத்து, அதற்கு ஏற்றபடி வெட்டினால் சரியாகிவிடும்:

```glsl
float t = luma / max(faceLuma, 0.01);
float band = floor(t * 4.0 + 0.5) / 4.0;
color *= band / max(t, 0.001);
```

சராசரி 0.2 என்றால் அதே முகம் இப்போது 0.5 முதல் 1.5 வரை ஐந்து படிகளாகப் பிரியும். `faceLuma` ஃப்ரேமுக்கு ஃப்ரேம் துள்ளினால் படிகளும் துள்ளும். ஆகவே பழைய மதிப்போடு கலந்து மெதுவாக மாற்றுங்கள்.

நியூரல் மாடலில் இப்படி மாற்ற ஓர் இடம் கிடையாது. அதற்கு முகமும் அதன் கார்ட்டூனுமாகப் பயிற்சி ஜோடிகள் வேண்டும். அவற்றை வழக்கமாக, இல்லாத முகங்களைப் படமாக உருவாக்கும் ஸ்டைல்கேனிலிருந்து எடுப்பார்கள். அதன் பிரபலமான முக மாடல், ஃபிளிக்கரில் திரட்டிய 70,000 முகங்களில் பழகியது. அந்தத் திரட்டின் சாய்வும், கார்ட்டூன் படங்களின் வெளிர்நிறமும் சேர்ந்து, கறுத்தவரை வெளுக்க வைத்துவிடும். திருத்த வேண்டுமானால் ஜோடிகளை மறுபடி உருவாக்கி, மாடலுக்கு மறுபடி பயிற்சி தர வேண்டும்.

முகமே வேறாக மாற வேண்டும் என்பதுதான் ஃபில்டரின் உயிர் என்றால் நியூரல் மாடலைத் தவிர வேறு வழியில்லை. அப்போது பயிற்சிக்கு முன்பே ஜோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கன்னத்தின் நிறம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்துவிடுங்கள். வெளுத்த ஜோடிகளை அங்கேயே கழித்துவிடலாம்.